4187-ஐ 4188 ஆக்கினால் யாருடைய பில் வரும்?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை தன் பார்ட்டிகளுக்காக ஒரு வெப்சைட் வைத்திருப்பதாகக் கொள்வோம். துணி அனுப்பும் பனியன் கம்பெனிக்காரர்கள் லாகின் செய்து, எந்த லாட் எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன ரேட் என்று தங்கள் பில்லைப் பார்க்கலாம். ஒருவர் பில்லைத் திறக்கும்போது முகவரியின் கடைசியில் `/bills/4187` என்று இருக்கிறது. சும்மா அதை 4188 என்று மாற்றி என்டர் தட்டுகிறார். பக்கத்துத் தெருக் கம்பெனியின் பில் திறக்கிறது. அதே கருநீலத்துக்கு அவர்களுக்கு என்ன ரேட் என்பது உட்பட எல்லாம் தெரிகிறது.

இங்கே யாரும் பாஸ்வேர்டை உடைக்கவில்லை. சர்வர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வந்திருப்பவர் யார்? அவர் கேட்கும் பொருள் அவருடையதா? முதல் கேள்விக்கு லாகின் குக்கீ பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாவதை நிரல் எழுதியவர் கேட்கவே இல்லை. உள்ளே நடப்பது இதுதான்:

```sql
SELECT * FROM bills WHERE id = 4188;
```

அந்த எண்ணில் ஒரு பில் இருக்கிறது, டேட்டாபேஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. லிஸ்ட் பக்கத்தில் அவரவர் பில் மட்டும்தானே தெரிகிறது என்பது பலருடைய வாதம். லிஸ்ட்டில் காட்டாமல் விட்டதால் கதவு பூட்டியதாக ஆகாது. முகவரியைப் பிரவுசரில் யார் வேண்டுமானாலும் கையால் அடிக்கலாம்.

திருத்தம் ஒரு வரிதான்:

```sql
SELECT * FROM bills
WHERE id = 4188 AND party_id = :session_party;
```

இதில் கவனிக்க வேண்டியது, அந்த `party_id` எங்கிருந்து வருகிறது என்பது. லாகின் ஆனபோது சர்வர் தன்னிடம் வைத்துக்கொண்ட செஷனிலிருந்து அது வர வேண்டும். முகவரியிலிருந்தோ, படிவத்தில் மறைத்து வைத்த கட்டத்திலிருந்தோ எடுத்தால், பில் எண்ணை மாற்றியவர் அதையும் சேர்த்து மாற்றிவிடுவார். சோதனை இருந்தும் இல்லாத கதைதான்.

ஒரே கணக்குப்பிள்ளை மூன்று கம்பெனிக்குக் கணக்கு எழுதுவது நம் ஊரில் சாதாரணம். அப்போது செஷனில் ஒற்றை பார்ட்டி எண் போதாது. எந்த ஆளுக்கு எந்தெந்த கம்பெனி என்று தனி அட்டவணை வைத்து, ஒவ்வொரு முறையும் அதில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் வரியை அன்றே நீக்கினால் அடுத்த கிளிக்கிலேயே அவருக்குக் கதவு மூடும்.

வரிசை எண்ணுக்குப் பதிலாக யாரும் ஊகிக்க முடியாத நீளமான எண் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊகிப்பது கடினமாகும், உண்மை. ஆனால் அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தாலோ, பிரவுசர் ஹிஸ்டரியில் கிடந்தாலோ ரகசியம் போயிற்று. கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், உரிமைச் சோதனைக்கு அது மாற்று ஆகாது.

அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் ஃபைனான்ஷியல் என்ற நிறுவனத்தின் தளத்தில் முகவரியின் எண்ணை மாற்றினாலே பிறருடைய வீட்டுக்கடன் ஆவணங்கள் திறந்தன. 2019 மே மாதம் அது வெளியே தெரிந்தபோது, சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படிக் கிடந்ததாகச் செய்தி வந்தது. அங்கே லாகினே தேவைப்படவில்லை.

நடைமுறையில் ஓட்டை எஞ்சுவது பெரும்பாலும் பக்க வாசல்களில்தான். பில் பக்கத்தைச் சரிசெய்திருப்பார்கள். `/bills/4188/pdf` பழையபடியே திறக்கும். பிடிஎஃப் கோப்பு பொது ஃபோல்டரில் கிடந்தால் நிரல் ஓடாமலே வெப் சர்வர் அதை நேராகக் கொடுத்துவிடும். பார்ப்பதற்குச் சோதனை வைத்துவிட்டு, திருத்துவதற்கும் அழிப்பதற்கும் மறந்துவிடுவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதாமல், பில்லை எடுத்துத் தரும் ஒரே ஃபங்ஷனுக்குள் சோதனையை வைத்து எல்லோரும் அதையே கூப்பிடச் செய்வது நல்லது. பில் கிடைக்காவிட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்னும் 404 பதிலை அனுப்பலாம். ‘அனுமதி இல்லை’ என்னும் 403 அனுப்பினால், அப்படி ஒரு பில் இருக்கிறது என்றாவது தெரிந்துவிடும்.

சோதித்துப் பார்க்க இரண்டு கணக்குகள் போதும். முதல் பார்ட்டியில் ஒரு பில்லை உருவாக்கி, அதன் முகவரிகள் எல்லாவற்றையும் இரண்டாவது பார்ட்டியின் லாகினில் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். பிடிஎஃப், திருத்தம், அழிப்பு எதிலும் 404 தவிர வேறு வரக்கூடாது. இதைத் தானியங்கிச் சோதனையாகவே எழுதி வைத்தால், அடுத்த மாதம் புதிதாக ஒரு எக்ஸெல் டவுன்லோட் சேர்க்கும்போது அந்த முகவரியையும் பட்டியலில் சேர்த்தாலே போதும்.

ஏற்கெனவே யாராவது பார்த்திருக்கிறார்களா என்பது யார் எதைக் கேட்டார் என்று சர்வர் குறித்து வைக்கும் லாகில் தெரியும். ஒரே லாகினிலிருந்து 4101, 4102, 4103 என்று அடுத்தடுத்து, எல்லாவற்றுக்கும் ‘சரி, இந்தா’ என்னும் 200 பதில் போயிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் லாகில் ஐபி முகவரி மட்டும் பதிவாகியிருந்தால், ஒரே இணைப்பில் இருக்கும் நாலைந்து பேரில் யார் என்று சொல்ல முடியாது. பயனர் எண்ணும் பில் எண்ணும் ஒரே வரியில் பதிவாகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.