அகாந்தோசைட், பர் செல், பைட் செல்: சொல்லும் பொருளும்

ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துச் சாயமேற்றிப் பார்க்கும் ஸ்மியரில், உருக்குலைந்த சிவப்பணுக்கள் மூன்றுக்கு இப்படிப் பெயர்கள்.

அகாந்தா என்றால் கிரேக்கத்தில் முள். எக்கினோஸ் என்றால் முள்ளெலி, கடல்முள்ளெலி இரண்டுமே. பர் செல்லின் இன்னொரு பெயர் எக்கினோசைட். இரண்டையும் ‘முள்ளணு’ என்று தமிழாக்கினால் நோயையே மாற்றிப் படிக்க நேரும். பர் செல்லில் குட்டையான முட்கள், கடம்பம்பூவைப் போல, சுற்றிலும் சீரான இடைவெளியில் இருக்கும். அகாந்தோசைட்டில் முட்கள் கொஞ்சம்தான், நீளமும் இடைவெளியும் தாறுமாறு. சிவப்பணுவின் நடுவில் வழக்கமாகத் தெரியும் வெளிறலும் பெரும்பாலும் இருக்காது. அதனால் பர் செல்லைச் ‘சீர்முள் அணு’ என்றும், அகாந்தோசைட்டைக் ‘கோணல்முள் அணு’ என்றும் சொல்வதே என் விருப்பம்.

கோணல்முள் அணு முற்றிய கல்லீரல் நோயைக் காட்டலாம். அரிதாக, கொழுப்பைச் சுமக்கும் புரதம் உருவாகாத அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா என்ற பரம்பரை நோயைக் காட்டலாம். சீர்முள் அணு சிறுநீரகச் செயலிழப்பில் வரும். ஆனால் ரத்தம் குழாயில் பல மணி நேரம் கிடந்தாலும் அதே உருவம் வந்துவிடும். ஸ்மியர் முழுக்க எல்லா அணுக்களும் ஒரே மாதிரி முள் விட்டிருந்தால் முதலில் ரத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். புதிதாக எடுத்து மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும்.

பைட் செல் ஆங்கிலப் பெயர். ‘கடிபட்ட அணு’ எனலாம். உண்மையிலேயே கடிதான். ஜி6பிடி நொதி குறைந்தவரின் சிவப்பணுவால் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்க முடியாது. ஹீமோகுளோபின் சிதைந்து, ஹெயின்ஸ் உருண்டைகளாக அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலின் விழுங்கணுக்கள் உருண்டையைப் பிடுங்கும்போது ஓரத்தில் அரைவட்டப் பள்ளம் விழும்.

வைவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் பிரைமாக்வின் தொடங்கிய ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கருந்தேநீர் நிறமாகிறது, கண் மஞ்சளாகிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது. ஸ்மியரில் கடிபட்ட அணுக்கள். வழக்கமான லீஷ்மன் சாயத்தில் ஹெயின்ஸ் உருண்டைகள் தெரியாது. உயிருள்ள அணுவில் மெத்தில் வயலெட் ஏற்றினால்தான் தெரியும். மருந்தை உடனே நிறுத்துவதுதான் முதல் வேலை. டாப்சோன், ரஸ்புரிகேஸ், நைட்ரோஃபுரான்டோயின் ஆகிய மருந்துகளும் பிரைமாக்வினைப் போலவே அணுக்களை உடைக்கும். டாப்சோன் அளவு கூடினால் நொதி சரியாக இருப்பவருக்கும் இப்படி ஆகலாம்.

அப்புறம், அன்றைக்கே ஜி6பிடி அளந்து ‘நார்மல்’ என்று வந்தால் நம்பிவிடக் கூடாது. நொதி குறைந்த முதிய அணுக்கள் முன்பே உடைந்துபோயிருக்கும். எஞ்சிய இளம் அணுக்களில் நொதி கூடுதலாக இருக்கும். சுமார் 3 மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதுவரை பிரைமாக்வினைத் திரும்பக் கொடுக்காமலிருப்பது நல்லது.