'ஏறத்தாழ' என்று எழுதாதீர்கள்: பரவளையத்தின் கீழ் உள்ள பரப்பு சரியாக 1/3

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்த வரி நன்றாகப் பழகியிருக்கும்: "செவ்வகங்கள் மிக மெல்லியதாகும்போது பிழை மறைந்துவிடும், எனவே பரப்பு ஏறத்தாழ 1/3." 'y = x²-இன் கீழ் 0 முதல் 1 வரை உள்ள பரப்பைக் கூட்டலின் எல்லையாகக் காண்க' என்ற வினாவுக்கு இந்த முறையும் அது வந்தது. கூட்டல் சரி, சுருக்கியது சரி, கடைசியில் வந்து இந்த வரி. 'ஏறத்தாழ' என்பது தவறு. 'மெல்லியதானால் பிழை மறையும்' என்ற காரணம் அதைவிடப் பெரிய தவறு. திருத்தித் திருத்திப் பொறுமை போய்விட்டது, அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு எளியது. y = x² என்ற வளைவரை, x = 0 முதல் 1 வரை. அடிப்பக்கத்தை n சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றின் அகலமும் 1/n. ஒவ்வொரு துண்டின் வலது முனையில் வளைவரை இருக்கும் உயரத்துக்குச் செவ்வகம் எழுப்பினால் அது வளைவரைக்கு மேலே துருத்தும்; அதன் மொத்தத்தை மேல் கூட்டல் என்போம். இடது முனையின் உயரத்தை எடுத்தால் செவ்வகம் வளைவரைக்குள் அடங்கிவிடும். அது கீழ்க் கூட்டல். உண்மையான பரப்பு எதுவானாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும்.

n = 4 எடுத்துப் பாருங்கள். மேல் கூட்டல் (1+4+9+16)/64 = 30/64, அதாவது 0.46875. கீழ்க் கூட்டல் (0+1+4+9)/64 = 14/64, அதாவது 0.21875. வித்தியாசம் 16/64, சரியாக 1/4. இந்த 1/4 தற்செயலாக வந்ததல்ல. ஒவ்வொரு துண்டிலும் பெரிய செவ்வகத்திலிருந்து சிறிய செவ்வகத்தை எடுத்துவிட்டால் மேலே ஒரு குட்டிச் செவ்வகம் மிஞ்சும். நான்கு துண்டுகளிலும் மிஞ்சுகிற நான்கையும் கிடைமட்டமாகத் தள்ளி வலது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று முடிகிற உயரத்தில் அடுத்தது தொடங்குவதால், இடைவெளியும் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அடுக்கிக்கொள்ளும். கிடைப்பது 1 உயரமும் 1/4 அகலமும் உள்ள ஒரே தூண். n துண்டுகள் என்றால் தூணின் அகலம் 1/n. ஆக, மொத்தப் பிழை எப்போதும் 1/n-க்குள் அடங்கும். இந்தப் படத்தை ஒருமுறையாவது கையால் வரைந்து பாருங்கள் என்று வகுப்பில் கெஞ்சாத குறை.

இப்போது எனக்கு எரிச்சலூட்டும் இடத்துக்கு வருகிறேன். 'ஒவ்வொரு செவ்வகத்தின் பிழையும் பூஜ்யத்தை நெருங்குகிறது, ஆகவே மொத்தப் பிழையும் நெருங்கும்' என்பது பொய். ஒரு செவ்வகத்தின் பிழை குறைகிறது, சரி. ஆனால் செவ்வகங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதே! எது ஜெயிக்கும் என்று கணக்குப் பார்க்காமல் எப்படிச் சொல்வீர்கள்? 1 அலகுப் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நீளம் √2. அதை ஒட்டியே படிக்கட்டுபோல் ஒரு கோடு வரையுங்கள்: வலப்புறம் கொஞ்சம், மேலே கொஞ்சம், மறுபடியும் வலப்புறம் கொஞ்சம். படிகளை எவ்வளவு சிறிதாக்கினாலும் படிக்கட்டின் மொத்த நீளம் 2 தான். பத்துப் படியானாலும் 2, பத்தாயிரம் படியானாலும் 2. ஒவ்வொரு படியிலும் பிழை மறைந்துகொண்டே போகிறது, கண்ணுக்குக் கோடும் மூலைவிட்டமும் ஒன்றாகிவிடுகின்றன, ஆனால் மொத்தப் பிழை 2 − √2 அசையவே இல்லை. பரவளையத்தின் பரப்பில் இந்த விபத்து நேராததற்குக் காரணம் செவ்வகங்கள் மெல்லியவை என்பதல்ல. மேலே அடுக்கிய அந்தத் தூணின் பரப்பு 1/n என்பது. காரணம் கேட்கும் வினாவில் அதை எழுதுங்கள்.

பிழை குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. எந்த எண்ணை நோக்கி என்பதற்குத்தான் சூத்திரம் வேண்டும். மேல் கூட்டல் (1² + 2² + … + n²)/n³. தொகுதியின் மதிப்பு n(n+1)(2n+1)/6. இது மறந்துபோனால் (k+1)³ − k³ = 3k² + 3k + 1 என்பதை k = 1 முதல் n வரை எழுதிக் கூட்டுங்கள், இடதுபுறம் தானாகவே அடிபட்டுப் போய் விடை வந்துவிடும். n³ ஆல் வகுத்து விரித்தால்:

மேல் கூட்டல் = 1/3 + 1/(2n) + 1/(6n²)
கீழ்க் கூட்டல் = 1/3 − 1/(2n) + 1/(6n²)

இங்கே 'ஏறத்தாழ' எங்கே இருக்கிறது? ஒவ்வொரு n-க்கும் கூட்டல் 1/3 அல்ல என்பது உண்மை. ஆனால் நாம் கேட்பது கூட்டலை அல்ல, பரப்பை. பரப்பு 0.334 என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். n = 1000 போட்டால் மேல் கூட்டலே 0.3338335 தான், பரப்பு அதைத் தாண்ட முடியாது. 0.333 என்று சொன்னால் n = 2000 போடுங்கள்; கீழ்க் கூட்டலே 0.33308-ஐத் தாண்டிவிடுகிறது. 1/3 தவிர வேறு எந்த எண்ணைச் சொன்னாலும் ஏதோ ஒரு n அதைத் தள்ளிவிடும். மிஞ்சுவது 1/3 ஒன்றுதான், முழுச் சரியாக. ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பரவளையத் துண்டின் பரப்பு அதனுள் வரையும் முக்கோணத்தின் 4/3 மடங்கு என்று நிறுவியபோது முக்கோணங்களைத்தான் அடுக்கினார். ஆனால் முடிவைக் கட்டிப்போட்டது இதே வாதம்தான். அதைவிடப் பெரிதாகவும் இருக்க முடியாது, சிறிதாகவும் இருக்க முடியாது.

கையோடு சில எச்சரிக்கைகள். n = ∞ என்று கூட்டலுக்குள் போடாதீர்கள். ஒவ்வொரு உறுப்பும் பூஜ்யமாகி மொத்தமே பூஜ்யம் என்று வந்து நிற்கும். உறுப்புகளின் எண்ணிக்கையும் அதே n தான் என்பதை மறந்ததன் விளைவு அது. முதலில் கூட்டிச் சுருக்குங்கள், பிறகுதான் எல்லை. 0 முதல் a வரை கேட்டால் அகலம் a/n, உயரம் (ka/n)². அகலத்தில் இருக்கும் a-ஐ விட்டுவிட்டு a²/3 என்று முடிக்கிறவர்கள் ஏராளம். விடை a³/3. 'கூட்டலின் எல்லையாகக் காண்க' என்ற வினாவுக்கு x³/3 என்று தொகையிட்டு எழுதினால் மதிப்பெண் கிடைக்காது, தயவுசெய்து என்னிடம் வாதாடாதீர்கள்.

கடைசியாக, −1 முதல் 1 வரை கேட்டால் கவனம். தூண் அடுக்கும் வேலை வளைவரை ஏறிக்கொண்டே போகும்போதோ இறங்கிக்கொண்டே போகும்போதோ மட்டும்தான் செல்லும். இங்கே அது இறங்கி ஏறுகிறது. இரு முனைகளிலும் உயரம் 1 என்பதால் இடது முனைக் கூட்டலும் வலது முனைக் கூட்டலும் எந்த n-க்கும் சமமாகவே வரும். n = 1 போட்டால் இரண்டுமே 2, n = 2 போட்டால் இரண்டுமே 1. இரண்டும் ஒத்துவிட்டதே, அதுதான் விடை என்று எழுதிவிடாதீர்கள். உண்மையான பரப்பு 2/3. x = 0-வில் பிரித்து, பாதியைக் கணக்கிட்டு, இரண்டால் பெருக்குங்கள்.