முதிர்வுப் பணத்தில் வரி பிடித்திருக்கிறார்களா? கணக்கைத் திருத்துவதற்கு முன் பாலிசி பத்திரத்தை எடுங்கள்

“இன்சூரன்ஸ் பணத்துக்கு வரியே கிடையாதுன்னு சொல்லித்தானே தம்பி வாங்கினேன்” என்று ஒரு அக்கா கையில் நோட்டீஸோடு வந்தார். பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 63. 2014 டிசம்பரில் ஒரே தவணையாக 2,00,000 ரூபாய் கட்டி, பத்து வருட பாலிசி ஒன்று எடுத்திருந்தார். 2024 டிசம்பரில் அது 3,90,000 ரூபாயாக முதிர்ந்தது. வங்கியில் வந்து சேர்ந்ததோ 3,86,200. பிடித்த 3,800 ரூபாயைத் திரும்ப வாங்கலாம் என்று தெருமுனை பிரவுசிங் சென்டரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறார். சில மாதங்களில் வருமான வரித்துறையிலிருந்து கணக்கில் குறை இருப்பதாக அறிவிப்பு வந்தது. கிளை அலுவலகம் “ஆடிட்டரைக் கேளுங்க” என்றது. ஆடிட்டர் “கிளையில லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார். வரி அலுவலகத்தில் “எல்லாம் ஆன்லைன்தான்” என்று திருப்பி அனுப்பினார்கள். பதில் சொல்ல இருந்த 15 நாளில் ஒன்பது நாள் இப்படியே போய்விட்டது.

சட்டம் சொல்வது சுருக்கமானதுதான். ஆயுள் காப்பீட்டு முதிர்வுத் தொகைக்கு வருமான வரிச் சட்டம் 10(10டி) பிரிவு விலக்கு தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. நிபந்தனைக்குள் வராத பாலிசியில், ஒரு நிதியாண்டில் தரும் தொகை 1,00,000 ரூபாயைத் தொட்டால் 194டிஏ பிரிவின்படி நிறுவனம் வரி பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அது 2 சதவீதம், அதற்கு முன் 5 சதவீதம். முழுத் தொகைக்கும் அல்ல, கட்டிய பிரீமியம் போக மிஞ்சும் லாபத்துக்கு மட்டும். அக்காவுக்கு லாபம் 1,90,000. அதில் 2 சதவீதம் 3,800. (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. இங்கே சொல்பவை அதற்கு முன் கைக்கு வந்த பணத்துக்கானவை.)

முதலில் பார்க்க வேண்டியது பாலிசி தொடங்கிய தேதி. ஏஜெண்ட் சொன்னதோ, பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படி வந்தது என்பதோ இதில் கணக்கில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் 2012 மார்ச் 31 வரை கொடுத்த பாலிசி என்றால், ஆண்டு பிரீமியம் காப்புத்தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2012 ஏப்ரல் 1-க்குப் பிறகு என்றால் 10 சதவீதம். அதாவது, காப்புத்தொகை பிரீமியத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். எந்த ஒரு வருடத்தில் இந்த வரம்பு மீறினாலும் முழு பாலிசிக்கும் விலக்கு போய்விடும். மற்ற வருடங்களில் சரியாக இருந்தது என்று வாதாட இடமில்லை.

ஒரே தவணை பாலிசிகளில் அனேகமாக எல்லோரும் சிக்குவது இங்கேதான். அக்காவின் பத்திரத்தில் காப்புத்தொகை 2,50,000. கட்டியது 2,00,000. அது 80 சதவீதம். விலக்குக்கு 20,00,000 ரூபாய் காப்பு இருந்திருக்க வேண்டும். விற்ற அன்றே இந்த பாலிசிக்கு வரிவிலக்கு இல்லை என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பத்து வருடம் கழித்து, ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இதை ஒரு நோட்டீஸ் மூலம் தெரிந்துகொள்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு பொறி 45 வயதுக்கு மேல் பாலிசி எடுத்தவர்களுக்கு. 2013ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை விதிகள், அந்த வயதுக்காரர்களுக்கு ஆண்டுப் பிரீமியத்தின் 7 மடங்கு காப்பு கொடுத்தாலே போதும் என்று அனுமதித்தன. வரிச் சட்டமோ பத்து மடங்கு கேட்டது. ஆண்டுக்கு 30,000 கட்டி 2,10,000 காப்பு வைத்திருப்பவர் எல்லா விதிப்படியும் சரியான பாலிசியைத்தான் வைத்திருக்கிறார், ஆனால் வரிவிலக்கு அவருக்கு இல்லை. பத்திரத்தில் காப்புத்தொகை என்று இரண்டு மூன்று எண்கள் போட்டிருந்தால், பாலிசி காலத்தில் எந்த நேரத்திலும் குறைந்தபட்சமாக உறுதி செய்த தொகையைத்தான் எடுக்க வேண்டும். போனஸைச் சேர்த்துப் பத்து மடங்கு ஆகிவிட்டது என்று காட்ட முடியாது.

பாலிசிதாரர் இறந்து குடும்பத்துக்கு வரும் தொகைக்கு இந்தச் சதவீதக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதற்கு வரி இல்லை. அதில் வரி பிடித்திருந்தால் தவறு நிறுவனத்தின் பக்கம்.

இனி நோட்டீஸுக்கு வருவோம். பிரவுசிங் சென்டரில் நடந்தது இதுதான்: பிடித்த 3,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டார்கள், ஆனால் அந்த வரி எந்த வருமானத்தில் பிடிக்கப்பட்டதோ அந்த 1,90,000 ரூபாயைக் கணக்கில் எங்கேயும் காட்டவில்லை. “காட்டினா வரி வந்துடும்மா” என்று சொல்லியிருக்கிறார்கள். வரியைக் கேட்டு வருமானத்தை விட்டால், கணினியே பிடித்து 139(9) பிரிவில் குறையுள்ள கணக்கு என்று அனுப்பிவிடும். பதில் சொல்ல 15 நாள். சொல்லாவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. தாக்கலே செய்யாதவர் ஆகிவிடுவீர்கள்.

அக்கா பயந்த வரி எவ்வளவு என்று போட்டுப் பார்த்தோம். 2024-25இல் ஓய்வூதியம் 3,60,000. புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 போக 2,85,000. வங்கி வட்டி 40,000. பாலிசி லாபம் 1,90,000. மொத்தம் 5,15,000. அந்த வருடம் புதிய வரிமுறையில் 7,00,000 வரை 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஆக, வருமானத்தை ஒழுங்காகக் காட்டினாலும் ஒரு பைசா வரி இல்லை, 3,800 ரூபாயும் திரும்ப வரும். மறைத்ததால் கிடைத்தது நோட்டீஸ் மட்டுமே.

இதைவிட மோசமானது, திருத்துகிறேன் என்று சென்டரில் தயாரித்து வைத்திருந்த இரண்டாவது கணக்கு. அதில் 3,90,000 முழுவதையும் வருமானமாகப் போட்டிருந்தார்கள். மொத்தம் 7,15,000 ஆகி, தள்ளுபடி வரம்பைத் தாண்டி, செஸ்ஸும் சேர்த்து வரி 15,600 ரூபாய் என்று வந்தது. அக்கா தன் கையால் கட்டிய 2,00,000 ரூபாய்க்கும் சேர்த்து வரி. அதைக் கட்டிவிடத் தயாராகவும் இருந்தார், நோட்டீஸ் தொலைந்தால் போதும் என்று. தயவுசெய்து அவசரப்பட்டு இப்படிக் கட்டிவிடாதீர்கள். யாராவது கணக்கு எழுதிக் கொடுத்தால், பாலிசிக்கு எதிரே போட்டிருக்கும் எண் லாபமா, முழுத்தொகையா என்று கேளுங்கள்.

நோட்டீஸுக்குச் சரியாகப் பதில் கொடுக்க மூன்று தாள் வேண்டும். பாலிசி பத்திரத்தின் முதல் பக்கம், மொத்தப் பிரீமியம் கட்டியதற்கான சான்று, வரி பிடித்ததற்கான 16ஏ படிவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிடித்த வரிக்கு 16ஏ பிப்ரவரி 15-க்குள் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. கிளையில் வாயால் கேட்டால் அலைச்சல்தான். பாலிசி எண்ணோடு மின்னஞ்சலில் கேளுங்கள், தேதியோடு சான்று இருக்கும்.

பிறகு incometax.gov.in தளத்தில் நுழைந்து, உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து, 194டிஏ வரிசையில் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். அக்காவுக்கு 1,90,000 என்று சரியாகவே இருந்தது. முழுத்தொகை ஏறியிருந்தால், நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் வருமானத் தகவல்களைத் தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையில் அந்தப் பதிவுக்கு எதிரே `Information is not fully correct` என்று கொடுத்துச் சரியான தொகையைப் போடுங்கள்.

பதில் கொடுக்கும் இடம் `Pending Actions` என்பதன் கீழ் `e-Proceedings`. அங்கே நோட்டீஸைத் திறந்து `Agree` கொடுத்து, திருத்திய கணக்கை அதற்குப் பதிலாகவே ஏற்ற வேண்டும். 1,90,000 இதர வருமானத்தில் போகும். வரிப்பிடித்தப் பட்டியலிலும் அதே 1,90,000, அதே 3,800 இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் எண் ஒத்துப்போனால்தான் கணினி விடும். நோட்டீஸுக்குப் பதில் போட்டதாக நினைத்து வேறு இடத்தில் இன்னொரு கணக்கு போட்டுவிட்டு, நோட்டீஸை அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். `e-Proceedings` பக்கத்தில் பதில் போய்ச் சேர்ந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். 15 நாள் போதாது என்றால், முடிவதற்கு முன்பே அவகாசம் கேளுங்கள்.

உங்கள் பாலிசி உண்மையிலேயே விலக்குக்குள் வருகிறது, நிறுவனம் தவறாகப் பிடித்துவிட்டது என்றால் வழி வேறு. பிடித்த பணம் அரசுக்குப் போயிருக்கும். கிளையில் சண்டை போட்டாலும் கையில் தர மாட்டார்கள். கணக்கில் அந்தத் தொகையை விலக்கு வருமானத்தில் 10(10டி) என்று காட்டி, வரிப்பிடித்தப் பட்டியலில் வருமான வகையையும் `Exempt Income` என்று வைக்க வேண்டும். ஏஐஎஸ் அறிக்கையில் `Income is not taxable` என்று கொடுங்கள். அதையும் மீறி நோட்டீஸ் வந்தால் `Disagree` போட்டு, பத்திரத்தின் முதல் பக்கத்தை இணைத்து, பிரீமியம் இவ்வளவு, காப்புத்தொகை இவ்வளவு, சதவீதம் இவ்வளவு என்று மூன்று வரியில் எழுதினால் போதும்.

நோட்டீஸ் வராவிட்டாலும், விட்டுப்போனது தெரிந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். 2024-25 வருமானத்துக்கான கணக்கைத் திருத்திப் போட 2025 டிசம்பர் 31 வரைதான் நேரம் இருந்தது. அதற்குப் பிறகு இருக்கும் புதுப்பித்த கணக்கு என்ற வழியில் கூடுதல் வரி கட்டத்தான் முடியும், பணம் திரும்பக் கேட்க முடியாது.

முதிர்வு இனிமேல்தான் என்பவர்கள், பணம் வாங்கக் கையெழுத்துப் போடும் படிவத்திலேயே பான் எண்ணைச் சரிபாருங்கள். பான் இல்லாமலோ ஆதாரோடு இணைக்காமல் முடங்கியோ இருந்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள். 60 வயதைக் கடந்தவர், மொத்த வருமானத்துக்கு வரி வராது என்றால், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழியையும், பழைய சட்டத்தில் 15எச் எனப்பட்டதை, அந்தப் படிவத்தோடு கொடுங்கள், பிடித்தமே இருக்காது. கிளையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. அந்த உறுதிமொழியைக் கொடுத்தாலும் லாபத்தைக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும். படிவத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகு கவுண்டரை விட்டு நகருங்கள்.