கையால் வரையும் போடே பிளாட்: முதல் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறது?

போடே பிளாட்டை கையால் வரையும்போது சரிவில் தப்பு செய்கிறவர்கள் குறைவு. போல் வந்தால் டெகேடுக்கு 20 டெசிபல் கீழே, ஜீரோ வந்தால் 20 டெசிபல் மேலே என்பது கல்லூரியை விட்டு வந்து பல வருஷம் ஆனவர்களுக்கும் நினைவில் இருக்கும். தப்பு நடப்பது முதல் கோட்டை எந்த உயரத்தில் தொடங்குவது என்பதில்தான். உயரம் தவறினால் படம் முழுவதும் அப்படியே ஏறியோ இறங்கியோ நிற்கும். வடிவம் மாறாது. வடிவம் சரியாக இருப்பதால் பார்க்கிறவர் யாருக்கும் சந்தேகமும் வராது.

மோட்டார் கன்ட்ரோல் வேலையில் இந்தத் தப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால் ஒரே ஒரு லூப்பை எடுத்துக்கொண்டு, கோடு கோடாக வரைந்து, எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று சொல்கிறேன். கனமான ஒரு மேசையைத் திருப்பி, சொன்ன கோணத்தில் நிறுத்தும் பொசிஷன் லூப் அது. மோட்டாரும் மேசையும் சேர்ந்தது `1000/(s(s+1))`. அதோடு ஒரு லீட் காம்பென்சேட்டர், `(s+10)/(s+100)`. இரண்டையும் பெருக்கினால்:

```
G(s) = 1000(s+10) / ( s(s+1)(s+100) )
```

இதைப் பார்த்ததும் கெயின் 1000 என்று எடுத்துக்கொண்டு, ω = 1-இல் 60 டெசிபலுக்குப் புள்ளி வைத்துவிடுவார்கள். அங்கேதான் வழுக்குகிறது. நேர்கோட்டு முறை முழுவதும் ஒரே ஒரு ஏற்பாட்டை நம்பி நிற்கிறது: ஒவ்வொரு காரணியும் தன் கார்னர் ஃப்ரீக்வென்சி வரை 1 ஆக, அதாவது 0 டெசிபலாக இருக்க வேண்டும். `(s+10)` அப்படி இல்லை. குறைந்த ஃப்ரீக்வென்சியில் அதன் மதிப்பு 10. `(s+100)`-இன் மதிப்பு 100. ஆகவே 10-ஐயும் 100-ஐயும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

```
G(s) = 100(1+s/10) / ( s(1+s)(1+s/100) )
```

கெயின் 100, அதாவது 40 டெசிபல். முன்பு வைத்த புள்ளி 20 டெசிபல் கூடுதல் உயரத்தில் இருந்தது. அந்த 20 டெசிபல் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். லீட் காம்பென்சேட்டர் மேசை நகராமல் நிற்கும்போது, அதாவது s = 0-இல், சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தே அனுப்புகிறது. அதை யாரும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. 10-ஐ 100-ஆல் வகுத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

சரி, இனி செமிலாக் ஷீட். 0.1 முதல் 1000 வரை நான்கு டெகேட் போதும். வழக்கமாக, மிகச் சிறிய கார்னருக்கு ஒரு டெகேட் கீழே தொடங்கி, மிகப் பெரிய கார்னருக்கு ஒரு டெகேட் மேலே முடிப்பேன். ω = 0.1-இல் `100/s` மட்டும்தான் வேலை செய்கிறது: 100-ஐ 0.1-ஆல் வகுத்தால் 1000, அதாவது 60 டெசிபல். அங்கிருந்து டெகேடுக்கு 20 டெசிபல் இறக்கம். ω = 1-க்கு வரும்போது 40. அங்கே போல் சேர்ந்து சரிவு 40 ஆகிறது; ω = 10-இல் கோடு சரியாக 0 டெசிபலைத் தொடுகிறது. அதே இடத்தில் ஜீரோ வந்து சரிவை மறுபடி 20 ஆக்குகிறது. ω = 100-இல் −20 டெசிபல். அப்புறம் கடைசிப் போல், மறுபடி டெகேடுக்கு 40 இறக்கம். அவ்வளவுதான் மேக்னிட்யூட். வரைந்து முடித்ததும் ஒரு சரிபார்ப்பு செய்துவிடுங்கள். மிகப் பெரிய ω-வில் `G(s)` என்பது `1000/s²` மாதிரி நடக்கும்; ω = 1000-இல் அது 60 − 120 = −60 டெசிபல். படத்திலும் −20-இலிருந்து ஒரு டெகேட் தாண்டி −60 வருகிறது. இரண்டு முனையும் பொருந்தினால் நடுவில் கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை என்று அர்த்தம். பழைய 60 டெசிபல் புள்ளியிலிருந்து வரைந்திருந்தால் இங்கே −40 வந்திருக்கும். பொருந்தாமை உடனே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஃபேஸுக்கு ஒவ்வொரு கார்னரும் ஒரு டெகேட் முன்னால் தொடங்கி ஒரு டெகேட் பின்னால் முடியும், டெகேடுக்கு 45 டிகிரி. இன்டக்ரேட்டர் எப்போதும் −90. ω = 1-இன் போல் 0.1-இல் தொடங்குகிறது, 1-க்கு வரும்போது மொத்தம் −135. அந்த நொடியில் 10-இன் ஜீரோ தொடங்கிவிடுகிறது. ஒன்று 45 இறக்க, மற்றது 45 ஏற்ற, கோடு படுத்துவிடுகிறது. 10-இல் முதல் போல் முடிகிறது, ஆனால் 100-இன் போல் தொடங்குகிறது. மறுபடி சமம். ஆக, 1 முதல் 100 வரை இரண்டு டெகேட் நீளத்துக்கு ஃபேஸ் −135-லேயே கிடக்கிறது. 100-இல் ஜீரோ முடிந்த பிறகுதான் கோடு இறங்கி, 1000-இல் −180-ஐத் தொடுகிறது.

முதலில் சொன்ன தப்பு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்குக் காரணம் இந்தப் படுத்த கோடுதான். சரியான படத்தில் கெயின் கிராஸ்ஓவர் ω = 10, ஃபேஸ் மார்ஜின் 45 டிகிரி. 20 டெசிபல் ஏறிய படத்தில் கிராஸ்ஓவர் ω = 100, அங்கேயும் ஃபேஸ் −135, ஃபேஸ் மார்ஜின் அதே 45 டிகிரி. “மார்ஜின் நன்றாகத்தான் வருகிறது சார்” என்று ஜூனியர் சொல்வதும் உண்மை. ஆனால் மேசை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மெதுவாக நகரும். அதனால் படத்தைக் கொண்டுவரும் யாரிடமும் நான் ஃபேஸ் மார்ஜினைக் கேட்பதில்லை. கிராஸ்ஓவர் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். அதை ஹெர்ட்ஸிலும் சொல்லச் சொல்வேன். பேப்பரில் இருப்பது ரேடியன், மெஷினில் அளப்பது ஹெர்ட்ஸ், நடுவில் 6.28 தொலைந்துபோனால் அதுவும் ஒரு டெகேடுக்குக் கொஞ்சம் குறைவான பிழை.

இனி நேர்கோடு எங்கே பொய் சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு கார்னரில் உண்மையான வளைவு கோட்டிலிருந்து 3 டெசிபல் விலகும். இரண்டு மடங்கு தள்ளியோ பாதியிலோ 1 டெசிபல். பெரும்பாலான இடத்தில் இது பொருட்டே இல்லை. ஆனால் நம் லூப்பில் கிராஸ்ஓவரும் ஜீரோவின் கார்னரும் ஒரே இடத்தில், ω = 10-இல் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே உண்மை மதிப்பு 0 டெசிபல் இல்லை, சுமார் +2.9. சரிவு மெல்லியதாக இருப்பதால் அந்த 3 டெசிபலை இறக்க கோடு கணிசமாக வலப்பக்கம் போக வேண்டியிருக்கிறது; உண்மையான கிராஸ்ஓவர் சுமார் 12.6, அதாவது 2 ஹெர்ட்ஸ். அங்கே ஃபேஸ் −131, மார்ஜின் 49. கிராஸ்ஓவருக்குப் பக்கத்தில் கார்னர் இருந்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் கால்குலேட்டரில் போட்டுவிடுவது என் வழக்கம். மற்ற இடத்துக்குக் கோடே போதும்.

ஃபேஸ் கோட்டின் பிழை இன்னும் கவனிக்க வேண்டியது. ஒரு காரணிக்கு அது 6 டிகிரிக்குள் அடங்கும். ஆனால் பல காரணிகளின் பிழை ஒரே திசையில் கூடலாம். நம் படத்தில் ω = 3.16-இல், அதாவது 1-க்கும் 10-க்கும் லாக் பேப்பரில் நடுவில், கோடு −135 என்கிறது, உண்மை −147. ω = 31.6-இல் உண்மை −123. தட்டையாக வரைந்த கோடு உண்மையில் ஒரு பள்ளமும் ஒரு மேடும். பள்ளம் இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே “பாதுகாப்புக்காகக் கெயினைக் குறைத்துவிடலாம்” என்று ω = 3 பக்கம் கிராஸ்ஓவரைக் கொண்டுவந்தால் மார்ஜின் 45 இல்லை, 33-தான். கெயின் குறைத்தால் ஸ்டெபிலிட்டி கூடும் என்ற பொதுவான நம்பிக்கை இதுபோன்ற லூப்பில் இப்படி ஏமாற்றும்.

நேர்கோடு சுத்தமாகக் காட்டாத விஷயம் ரெசனன்ஸ். மோட்டாருக்கும் மேசைக்கும் நடுவில் உள்ள ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அது ஓர் இரட்டைப் போல். அது ω = 60-இல், டேம்பிங் ரேஷியோ 0.1 என்று வைத்துக்கொள்வோம். கோட்டு முறையில் அதற்கான விதி, 60 வரை ஒன்றுமில்லை, 60-க்கு அப்புறம் டெகேடுக்கு கூடுதலாக 40 இறக்கம். வரைந்தால் 60-இல் −16 டெசிபல் பக்கம் தெரியும், நிறைய இடம் இருக்கிற மாதிரி. ஆனால் இரட்டைப் போலின் மூலையில் உண்மையான உயரம் `1/(2ζ)`, இங்கே 5 மடங்கு, 14 டெசிபல். கணக்குப் போட்டால் 60-இல் உண்மையில் −2.8 டெசிபல். ஃபேஸும் அந்த இடத்துக்குச் சற்று முன்னால், 55-ஐ ஒட்டி −180-ஐத் தாண்டிவிடுகிறது. மிச்சம் இருக்கும் கெயின் மார்ஜின் 3 டெசிபல்தான். ஆகவே இரட்டைப் போல் இருந்தால் கோட்டை வரைந்ததும், அந்த மூலையில் `1/(2ζ)` உயரத்துக்கு ஒரு புள்ளி வைத்து, கையால் ஒரு முனையை இழுத்துவிடுங்கள். டேம்பிங் 0.5-க்குப் பக்கத்தில் இருந்தால் அந்தப் புள்ளி கோட்டின் மேலேயே விழும், விட்டுவிடலாம்.

முதல் தப்பு இப்போது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். 100 ரேடியன் என்று நம்பி செய்த மேசை மெதுவாக நகர்கிறது. சைட்டில் இருப்பவர், படத்தில் சொன்ன வேகம் வரட்டும் என்று கெயினை ஏற்றுகிறார். 3 டெசிபல் தாண்டியதுமே 55 ரேடியனுக்குப் பக்கத்தில், விநாடிக்கு ஒன்பது தடவை போல மேசை அதிரத் தொடங்கும். படத்தில் 45 டிகிரி மார்ஜின் இருக்கும்போது ஏன் அதிர்கிறது என்று என்கோடரையும் டிரைவையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அதிர்வின் ஃப்ரீக்வென்சியை முதலில் அளந்து, அது படத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் காரணம் அங்கேயே தெரியும். கிராஸ்ஓவர் பக்கம் என்றால் ஃபேஸ் மார்ஜின் பிரச்சினை. அதிலிருந்து தள்ளி, கெயின் மாற்றினாலும் பெரிதாக நகராமல் நின்றால் ரெசனன்ஸ்.

இந்த மேசைக்கு இரண்டு வழி உண்டு. கெயினைப் பாதியாக்கினால் முனை 6 டெசிபல் இறங்கி மார்ஜின் 9 டெசிபல் ஆகும். கிராஸ்ஓவர் 8-க்கு வரும், ஃபேஸ் மார்ஜின் 40-ஐ ஒட்டி நிற்கும். இல்லையென்றால் 60-இல் ஒரு நாட்ச் ஃபில்டர் போட்டு 12.6-ஐயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அகலமான நாட்ச் அந்த இடத்தில் சுமார் 10 டிகிரி ஃபேஸைத் தின்னும், ஷாஃப்ட்டும் இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்கெனவே தின்றிருக்கும், ஆக மார்ஜின் 37 பக்கம். மேசை மேல் வைக்கும் எடை மாறிக்கொண்டே இருந்தால் ரெசனன்ஸும் 60-இல் நிற்காது, நாட்ச் தன் இடத்திலேயே நிற்கும். அப்படிப்பட்ட மெஷினுக்கு நான் கெயினைப் பாதியாக்குவேன்.