ஸ்வெட்டருக்குள்ளே வரும் வாடையும் பிள்ளையிடம் அதைச் சொல்லும் விதமும்

ஜனவரி உறைபனியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் ஊட்டியில், பதினொரு வயதுப் பிள்ளையின் பள்ளிச் சட்டையிலிருந்து அக்குள் வாடை வருவதைக் கவனிக்கும் தாய்க்கு, இந்தக் குளிரில் இது எப்படி என்ற ஐயம் முதலில் எழும். குளிக்கச் சோம்பல்படுகிறான் என்று பழியைப் பிள்ளையின் மேல் போடுவதும் எளிது. ஆனால் அந்த வாடைக்கும் வெயிலுக்கும் நாம் எண்ணுமளவுக்குத் தொடர்பு இல்லை.

நம் உடலில் வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக இரண்டு வகை. உடலெங்கும் பரவியிருக்கும் எக்ரைன் சுரப்பிகள், உடலைக் குளிர்விப்பதற்காக உப்பு கலந்த நீரைப் பிறந்த நாளிலிருந்தே வெளியேற்றுகின்றன. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மிகுதியாக உள்ள அபோகிரைன் சுரப்பிகளோ, பருவமடையும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போதுதான் வேலையைத் தொடங்குகின்றன. இவற்றைப் பெரிதும் தூண்டுவது வெப்பம் அல்ல, பதற்றமும் பரபரப்புமே. ஆகவே தேர்வன்று காலையில், வெளியே கைவிரல் விறைக்கும் குளிராக இருந்தாலும், அவை சுரக்கும். சுரக்கும் திரவத்துக்குத் தனியே வாடை கிடையாது என்பதுதான் வியப்பு. தோலில் இயல்பாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது, கொழுப்பு அமிலங்களும், மிகச் சிறிதளவே இருந்தாலும் மூக்கில் ஏறும் கந்தகச் சேர்மங்களும் உண்டாகின்றன. மேட்டுப் பாதையில் நடந்து பள்ளிக்குப் போய், மாலை வரை கழற்றாத ஸ்வெட்டருக்குள்ளே அந்தப் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய ஈரமும் கதகதப்பும் தாராளமாகக் கிடைக்கின்றன.

இந்த விவரத்தையே பிள்ளையிடம் சொல்லிவிடலாம். சொல்லும் இடமும் முதல் வாக்கியமும்தான் முக்கியம். தம்பி தங்கையோ பாட்டியோ அருகில் இல்லாத நேரத்தில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தாய் இப்படித் தொடங்கலாம்: “கண்ணு, உன் வயசுல உடம்புல புதுசா ஒரு வேர்வைச் சுரப்பி வேலை செய்ய ஆரம்பிக்கும். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அந்த வேர்வை சட்டையில தங்கிடுது, அதுக்கு ஒரு வழி இருக்கு.” பிள்ளை முகம் சிவந்து, “ஸ்கூல்ல யாராவது சொன்னாங்களாம்மா?” என்று கேட்டால், “துவைக்கும்போது நானே பார்த்தேன்” என்ற உண்மையான, சிறிய விடை போதும். ‘நாற்றம்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. அது வியர்வையை விட்டுவிட்டுப் பிள்ளையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள்களின் வேலை வேறு வேறு. டியோடரன்ட் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும், அல்லது வாடையை மறைக்கும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் அலுமினிய உப்புகளால் வியர்வைத் துளையைத் தற்காலிகமாக அடைக்கும். தொடங்கும் பிள்ளைக்கு முதலாவதே போதும். அதிலும் மணமூட்டி சேர்க்காத ரோல்-ஆன் அல்லது ஸ்டிக் என் தேர்வு. ஸ்ப்ரேயில் பெரும்பாலும் ஆல்கஹால் இருப்பதால், குளிராலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீராலும் ஏற்கெனவே வறண்ட மலைவாசித் தோலில் எரியும். மூடிய அறையில் அடித்தால் மூச்சுக்குள்ளும் போகும். ‘இயற்கையானது’ என்று விற்கப்படுபவற்றில் சமையல் சோடா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை கொண்டது, சோடா காரத்தன்மை கொண்டது என்பதால் சிலருக்கு அக்குள் சிவந்து உரியும்.

வாங்கியதும் நேரே அக்குளில் தடவாமல், முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் நாளுக்கு இருமுறை, 7 நாட்கள் தடவிப் பார்ப்பது நல்லது. தடவிய சில நிமிடங்களில் எரிந்தால் அது பெரும்பாலும் வெறும் உறுத்தல். ஓரிரு நாள் கழித்து அரிப்புடன் தடித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு மணமூட்டியே அடிக்கடி காரணமாகிறது. இரண்டில் எதுவானாலும் அந்தப் பொருளை நிறுத்திவிட வேண்டும்.

ஒத்துக்கொண்டால், காலையில் அக்குளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரண்டு மூன்று இழுப்பு தடவி, அது காய்ந்த பிறகே சட்டையை மாட்டச் சொல்ல வேண்டும். கடுங்குளிரில் முழுக் குளியல் இல்லாத நாளிலும் அக்குளை மட்டும் வெந்நீர்த் துணியால் துடைக்கலாம். கழுவாத அக்குளின் மேல் டியோடரன்டைப் பூசினால் பழைய வாடையும் புது வாசனையும் கலந்து முன்பைவிட மோசமாகிவிடும். தொடங்கிய முதல் வாரத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது இதைத்தான்.

எல்லாம் செய்தும் வாடை போகவில்லையெனில், சட்டையை மோந்து பார்க்க வேண்டும். துவைத்துக் காய்ந்த சட்டையின் அக்குள் பகுதி, உடல் சூடு பட்டதும் மீண்டும் வாடை அடித்தால், குறை துணியில் இருக்கிறது. பாலியெஸ்டர் இந்த வாடையைப் பருத்தியைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும். சட்டையை உள்புறம் வெளியே திருப்பி, அக்குள் பகுதியைச் சோப்புத்தூள் நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். துணி காயவே காயாத ஜூலை மழையில், ஸ்வெட்டரைத் தினமும் துவைக்க முடியாது என்பதால், உள்ளே அணியும் பருத்தி பனியனைத் தினமும் மாற்றுவதே நடக்கக்கூடிய வழி.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்போ ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்போ இந்த வாடை தொடங்கினால், டியோடரன்ட் வாங்குவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது கவலைக்குரியதாக இருக்காது என்றாலும், உடன் முடி வளர்ச்சியோ திடீர் உயர வளர்ச்சியோ இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.