கான்கிரீட்டில் நின்ற பழைய கேட் தூணை மேலே கொண்டுவருவது

மரத்தூண் ஆடத் தொடங்கியதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். தூணின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். பத்து நிமிடத்தில் தரைமட்டத்தில் ‘மடக்’கென்று ஒடிந்து தூண் கையோடு வந்துவிடும். கான்கிரீட் மட்டும் குழிக்குள் அப்படியே இருக்கும். பிடிக்க ஒன்றுமில்லாத அந்தக் கட்டியை எடுப்பது, முழுத் தூணோடு எடுப்பதைவிடப் பெரிய வேலை.

ஒடிவது ஏன் எப்போதும் தரைமட்டத்தில்? மரம் உளுக்க ஈரம், காற்று இரண்டும் வேண்டும். மண்ணுக்குக் கீழே காற்று குறைவு, மேலே ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சேரும் இடம் தரைமட்டம். போதாக்குறைக்கு, மரம் காய்ந்து சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு சந்து விழுகிறது. மழைநீர் அதில் கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும். வெளிப்புறம் முக்கால் அங்குலம் உளுத்துப்போனால் 4 அங்குலச் சதுரத் தூணில் மிஞ்சுவது இரண்டரை அங்குலம்தான். வளைவைத் தாங்கும் வலு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே மிஞ்சுவது பழைய வலுவில் கால் பங்கு மட்டுமே. நீண்ட ஸ்க்ரூடிரைவரால் தரைமட்டத்தில் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்குமேல் சுலபமாக இறங்கினால் அந்தத் தூணைக் கைப்பிடியாக நம்பக் கூடாது.

இனி எடையைக் கணக்கிடலாம். 1 அடி விட்டம், 2 அடி ஆழம் உள்ள கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன அடி கான்கிரீட் 68 கிலோ. உள்ளே மரம் அடைத்திருக்கும் இடத்தைக் கழித்தால் கட்டி 95 கிலோ வரும். 7 அடித் தேக்குத் தூண் இன்னொரு 15 கிலோ. மொத்தம் 110 கிலோ. இரண்டு பேர் தூக்கக்கூடிய எடைதான், ஆனால் நான்கு பேர் சேர்ந்தாலும் அசையாது. எடையைத் தவிர இன்னும் இரண்டு பிடிகள் இருப்பதே காரணம்.

ஒன்று, சொரசொரப்பான பக்கச்சுவரில் மண்ணின் பிடி. மற்றது அடியில் உள்ள உறிஞ்சல். ஈரக் களிமண்ணில் கட்டி மேலே வர, கீழே ஒரு வெற்றிடம் உருவாக வேண்டும். அங்கே காற்று புக வழியில்லாவிட்டால் வளிமண்டல அழுத்தம் கட்டியைக் கீழே அழுத்தும். 1 அடி விட்டமுள்ள அடிப்பரப்பில் இதன் உச்ச அளவு 750 கிலோ. நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் சேற்றில் சிக்கிய காலை இழுத்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும். ஆகவே முதல் வேலை தூக்குவது இல்லை, இந்த இரண்டு பிடிகளையும் விடுவிப்பது.

கேட்டைக் கீலிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். காலிங்பெல் ஒயர், குடிநீர்க் குழாய் பக்கத்தில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கடப்பாரை இறங்க வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணாக இருந்தால் முந்தைய மாலை இரண்டு மூன்று வாளி தண்ணீர் விட்டு ஊறவிடலாம். கரிசல் மண்ணில் இது வேண்டாம், பிடி அதிகமாகிவிடும்.

கட்டியைச் சுற்றி 8 அங்குல அகலத்துக்கு, அதன் முழு ஆழம்வரை தோண்டுங்கள். மேலே ஒரு அடி வரை தோண்டிவிட்டு ‘போதும்’ என்று நெம்பத் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. கான்கிரீட் ஊற்றியபோது குழியின் அடிப்பகுதி மேலே இருப்பதைவிட அகலமாக இருந்திருந்தால், கட்டி மணிபோல் விரிந்து நிற்கும். அதன் தோள்மேல் உள்ள மண் முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டிவரும். கடப்பாரையைப் பக்கவாட்டில் செங்குத்தாக இறக்கிப் பார்த்தால் விரிவு இருப்பது தெரிந்துவிடும். காம்பவுண்ட் சுவர் உள்ள பக்கம் மட்டும் கையளவு இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரின் அடிமண்ணைக் குடையக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் மட்டும் குழியைச் சரிவாக நீட்டிவிடுங்கள். கட்டி வெளியேறும் வழி அதுதான்.

பிடியை உடைக்க நெம்புகோல். 8 அடி நீளம், 4 அங்குலக் கனமுள்ள சவுக்குக் கட்டை போதும். 2 அங்குல ஜி.ஐ. பைப்பும் சரி. ஒரு அங்குல பைப் இந்தச் சுமையில் வளைந்துவிடும். சங்கிலியைத் தூணில் கட்டாமல் கான்கிரீட்டைச் சுற்றி, மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, இழுக்க இழுக்க இறுகும்படி கொக்கி மாட்டுங்கள். நெம்புகோலை ஒரு முட்டுக்கட்டைமேல் வைத்து, குட்டைப் பக்கத்தில் சங்கிலியை மாட்டுங்கள். முட்டிலிருந்து குட்டைப் பக்கம் 1 அடி, நீளப் பக்கம் 7 அடி. மண்பிடியும் சேர்ந்து 240 கிலோ தேவைப்பட்டாலும், நீங்கள் அழுத்த வேண்டியது 34 கிலோதான்.

இதில் பலர் மறக்கும் கணக்கு ஒன்று உண்டு. முட்டுக்கட்டைமேல் இறங்குவது 34 அல்ல, 240-ம் 34-ம் சேர்ந்த 274 கிலோ. தோண்டிய குழியின் விளிம்பில் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் நெம்பினால் விளிம்பே சரிந்து குழிக்குள் போகும். அதனால் 4 அடி நீள, 3 அங்குலக் கனமான மரத்தைக் கட்டிக்கு ஒட்டிக் குழிக்குக் குறுக்கே போடுங்கள். அதன் இரு முனைகளும் கெட்டித் தரையில் இருக்கட்டும். முட்டு அதன் நடுவில்.

உந்தி அழுத்தாமல் மெதுவாக அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். இன்னொருவர் கடப்பாரையைக் கட்டியின் ஓரமாக அடிவரை இறக்கினால் காற்று புகும். உறிஞ்சல் விடும்போது சில சமயம் ‘ப்ளக்’ என்று சத்தமே கேட்கும். சுமை 4 அங்குலம் உயர, நீளமான முனை 28 அங்குலம் இறங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். முனை இடுப்பு உயரத்தில் தொடங்கினால்தான் அந்த இறக்கம் கிடைக்கும்.

கட்டி அசைந்த பிறகு சங்கிலி தேவையில்லை. ஒரு பக்கம் கடப்பாரையால் நெம்பி இரண்டு அங்குலம் சாய்த்து, உயர்ந்த அடியில் முக்கால் அங்குல ஜல்லியை மண்வெட்டியால் தள்ளுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்து அங்கேயும் தள்ளுங்கள். கட்டி தன் கீழே தரையை உயர்த்திக்கொண்டு படிப்படியாக ஏறும். தோண்டிய மண்ணைப் போட்டால் எடையில் அமுங்கி, ஏறியதில் பாதி திரும்ப இறங்கிவிடும். ஜல்லியைக் கையால் அல்ல, மண்வெட்டியால் தள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடப்பாரை வழுக்கினால் 110 கிலோவும் விரல்மேல் விழும். நெம்புகிறவர் குழிக்கு வெளியே நிற்க வேண்டும், கோலை இரு கால்களுக்கிடையே வைக்கக் கூடாது.

இரண்டடியையும் இப்படியே ஏற்ற வேண்டியதில்லை. கட்டியின் அடி, சரிவின் கீழ்முனையைத் தொட்டதும் அந்தப் பக்கமாகச் சாய்த்து, ஒரு பலகைமேல் உருட்டி வெளியே கொண்டுவரலாம். மரம் உறுதியாக இருந்தால் சாய்க்கத் தூணே நல்ல நெம்புகோல். உளுத்திருந்தால் கான்கிரீட்டிலேயே சங்கிலியைக் கட்டி இழுங்கள்.

தூண் ஏற்கெனவே ஒடிந்துபோயிருந்தாலும் முறை மாறாது, சங்கிலி கான்கிரீட்டில்தானே இருக்கிறது. கட்டி மிக வழவழப்பாக இருந்து சங்கிலி நழுவினால் மட்டும், அதன் இரு பக்கத்திலும் வெட்டுளியால் ஓர் அங்குல ஆழத்துக்குப் பள்ளம் கொத்தி அதில் சங்கிலியைப் பதியவிடுங்கள்.