சராசரி லாபம்தான், நஷ்டத்துக்கு எவ்வளவு வாய்ப்பு?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு முதலீட்டின் நிகர தற்போதைய மதிப்பு இயல்நிலைப் பரவலில் இருக்கிறது, சராசரி இவ்வளவு, திட்ட விலக்கம் இவ்வளவு, அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதற்கான நிகழ்தகவு என்ன என்று பாடத்தில் கணக்கு வருகிறது. அட்டவணையைப் பார்த்து விடை எழுதிவிடுகிறேன். ஆனால் அந்தத் திட்ட விலக்கத்தை யார், எப்படிக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள்?"

கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். அட்டவணை பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அந்த ஒரு எண்ணுக்குள்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

முதலில் அந்த இரண்டு நிமிட வேலையை முடித்துவிடுவோம். வரும் ஆண்டுகளில் கைக்கு வரப்போகும் பணத்தை வட்டி வீதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, இன்று போடும் பணத்தைக் கழித்தால் கிடைப்பது நிகர தற்போதைய மதிப்பு. அதன் சராசரி பூஜ்ஜியத்துக்கு மேலே எத்தனை திட்ட விலக்கத் தொலைவில் நிற்கிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். நஷ்டத்தின் நிகழ்தகவை அந்த ஒரு விகிதமே தீர்மானித்துவிடுகிறது. சராசரி பூஜ்ஜியத்திலேயே இருந்தால் 50 சதவீதம். ஒரு விலக்கம் மேலே இருந்தால் சுமார் 16 சதவீதம், இரண்டு விலக்கம் என்றால் 2.3 சதவீதம். "சராசரி லாபத்தில் இருக்கும்போது நஷ்டம் எப்படி வரும்?" என்று சிலர் குழம்புவார்கள். சராசரி என்பது மணி வடிவ வளைவின் நடுப்புள்ளி மட்டும்தான். வளைவின் இடது வால் பூஜ்ஜியத்தைத் தாண்டி எவ்வளவு நீளுகிறது என்பதை அகலம்தான் சொல்லும்.

சரி, அந்த அகலத்துக்கு வருவோம். தமிழில் திட்டம் என்ற சொல் இரண்டு இடத்திலும் வந்து குழப்பும் என்பதால், பணம் போடும் காரியத்தை முதலீடு என்றும், அகலத்தை வெறும் விலக்கம் என்றும் சொல்கிறேன்.

ஒரு சிறிய முதலீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று 1000 அலகு போடுகிறோம். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் சராசரியாக 420 அலகு திரும்பி வரும். ஆனால் அது உறுதியில்லை. ஒவ்வோர் ஆண்டின் வரவுக்கும் விலக்கம் 80. வட்டி வீதம் 5 சதவீதம். மூன்று வரவுகளையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 400, 381, 363 ஆகின்றன. மொத்தம் 1144. போட்ட 1000 போக, நிகர மதிப்பின் சராசரி 144.

விலக்கங்களும் இதே வீதத்தில் சுருங்கும். முதல் ஆண்டின் 80, இன்றைய மதிப்பில் 76 ஆகிறது. அடுத்தவை 73, 69. இனி இந்த மூன்றையும் சேர்த்து ஒரே விலக்கமாக்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது? நேராகக் கூட்டினால் 218 வருகிறது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 126 வருகிறது. இரண்டுமே சரியான வழிகள்தான், ஆனால் இரண்டு வேறு உலகங்களுக்கு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

பள்ளியில் படித்த சூத்திரம்தான்: (a + b)² = a² + b² + 2ab. முதல் ஆண்டில் வரவு சராசரியிலிருந்து விலகிய அளவை a என்றும், இரண்டாம் ஆண்டில் விலகியதை b என்றும் வையுங்கள். நாம் தேடுவது மொத்த விலகலின் வர்க்கத்துடைய சராசரி; அதன் வர்க்கமூலம்தான் விலக்கம். a², b² இரண்டும் எப்போதும் நேர்மறைதான், அவை எங்கும் போகாது. கவனிக்க வேண்டியது 2ab. இரண்டு ஆண்டுகளுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லையென்றால், சில சமயம் இரண்டும் ஒரே பக்கம் விலகும், சில சமயம் எதிரெதிர்ப் பக்கம் விலகும். சராசரி எடுக்கும்போது ab தன்னைத் தானே அடித்துக்கொண்டு பூஜ்ஜியமாகிவிடுகிறது. மிஞ்சுவது a² + b². அதாவது பிதாகரஸ் தேற்றம்! சம்பந்தமில்லாத இரண்டு நிச்சயமின்மைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரண்டு பக்கங்களைப் போல நடந்துகொள்கின்றன. மொத்த விலக்கம் அவற்றின் கர்ணம். மூன்றாம் ஆண்டு வந்தால் பெட்டியின் மூலைக்கு மூலை போகும் கோடு. கர்ணம் எப்போதும் பக்கங்களின் கூட்டுத்தொகையைவிடச் சிறியது; 218 இல்லாமல் 126 வருவது அதனால்தான்.

இப்போது மற்ற உலகம். மூன்று ஆண்டு வரவையும் ஒரே காரணம் ஆட்டிவைக்கிறது என்று வையுங்கள். பொருளை மக்கள் விரும்பினால் மூன்று ஆண்டும் நன்றாகப் போகும், விரும்பாவிட்டால் மூன்றும் படுக்கும். அப்போது a, b இரண்டும் எப்போதும் ஒரே குறியில் இருக்கும். 2ab முழுதாக நிற்கிறது. செங்கோணம் மடங்கிப் பக்கங்கள் ஒரே நேர்கோட்டில் படுத்துவிடுகின்றன. விலக்கங்கள் நேராகக் கூடி 218 ஆகின்றன.

விடை எவ்வளவு மாறுகிறது பாருங்கள். முதல் உலகில் 144-ஐ 126-ஆல் வகுத்தால் 1.14. நஷ்டத்தின் நிகழ்தகவு கிட்டத்தட்ட 13 சதவீதம், எட்டில் ஒன்று. இரண்டாம் உலகில் 144-ஐ 218-ஆல் வகுத்தால் 0.66. நிகழ்தகவு 25 சதவீதம், நாலில் ஒன்று. முதலீடும் அதே, சராசரியும் அதே, ஒவ்வோர் ஆண்டின் விலக்கமும் அதே. ஆண்டுகளுக்கு இடையே உள்ள உறவு ஒன்றுதான் மாறியது. நஷ்ட வாய்ப்பு இரட்டிப்பாகிவிட்டது. உறவு பாதியளவில், அதாவது ஒட்டுறவுக் கெழு 0.5 என்று இருந்தால், விலக்கம் 178, நஷ்டம் 21 சதவீதம். பாதி உறவுக்கே விடை மோசமான முனைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

விரிதாளில் சரிபார்க்க விரும்பினால் ஒரே வரி போதும். இது முதல் உலகத்துக்கு. 126-க்குப் பதில் 218 போட்டால் இரண்டாவது வரும்.

```
=NORM.DIST(0, 144, 126, TRUE)
```

இந்த வழியை அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெடரிக் ஹில்லியர் 1963-இல் எழுதிக் காட்டினார். வரவுகளைச் சம்பந்தமில்லாத பகுதி என்றும் முழுக்க ஒட்டி நடக்கும் பகுதி என்றும் பிரித்து, முதல் பகுதியின் விலக்கங்களைப் பிதாகரஸ் முறையிலும் மற்றதன் விலக்கங்களை நேராகவும் சேர்க்கச் சொன்னார். உங்கள் கையில் ஒரு கணக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: முதல் ஆண்டு மோசமாகப் போனது என்று தெரிந்தால், இரண்டாம் ஆண்டுக்கான உங்கள் மதிப்பீட்டைக் குறைப்பீர்களா? குறைப்பேன் என்றால் ஆண்டுகள் சம்பந்தமில்லாதவை அல்ல. வர்க்கமூலம் போட்டுக் கொடுத்த விலக்கம் அங்கே செல்லாது. புதுப் பொருள், புது மருந்து, புது நகரத்தில் கடை என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் 'குறைப்பேன்' என்பதுதான் நேர்மையான பதில்.

இதே கர்ணம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதிலும் வருகிறது, அங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாலில் ஒன்று நஷ்ட வாய்ப்புள்ள நம்முடைய இரண்டாம் உலக முதலீட்டையே ஒன்பது வெவ்வேறு துறைகளில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் போடுகிறோம் என்று வையுங்கள். சராசரி ஒன்பது மடங்காகும். விலக்கமோ செங்குத்தாகச் சேர்வதால் மூன்று மடங்குதான் ஆகும். விகிதம் 0.66-இலிருந்து 1.98-க்கு ஏறுகிறது, ஒன்பதையும் கூட்டிய மொத்தம் நஷ்டத்தில் முடியும் வாய்ப்பு 2.4 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்படியிருக்க, நிதி கொடுக்கும் குழுக்கள் ஒவ்வோர் ஆய்வாளரையும் தனித்தனியே நிறுத்தி "உங்கள் ஆய்வு தோற்காது என்று உறுதி சொல்லுங்கள்" என்று கேட்பது தவறான கேள்வி. அந்த உறுதி மொத்தக் கூடையில்தான் கிடைக்கும். ஒன்பது பேரும் ஒரே மாதிரி ஆய்வைச் செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் குழுவின் வேலை. ஒரே மாதிரி என்றால் செங்கோணம் போய்விடும், 25 சதவீதத்துக்கே திரும்பிவிடுவோம்.

அப்புறம் வட்டி வீதம். மேலே 5 சதவீதம் போட்டேன். அது அபாயமே இல்லாத வீதம் என்ற எண்ணத்தில். சிலர் "இது அபாயமான முதலீடு" என்று சொல்லி வீதத்தை 10 சதவீதமாக உயர்த்திவிட்டு, அதன் மேல் நஷ்டத்தின் நிகழ்தகவையும் கணக்கிடுவார்கள். சராசரி 144-இலிருந்து 44-க்கு விழும். முதல் உலகத்திலேயே நஷ்ட வாய்ப்பு 13-இலிருந்து 35 சதவீதத்துக்கு ஏறிவிடும். உயர்ந்த வீதத்தில் ஒருமுறை, விலக்கத்தில் மறுமுறை என்று அபாயத்தை இரண்டு தடவை எண்ணியதால் வந்த 35 இது. நிகழ்தகவு கணக்கிடுவதாக இருந்தால் அபாயம் விலக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

கடைசியாக, மணி வடிவம். அது எங்கிருந்து வந்தது? சம்பந்தமில்லாத பல நிச்சயமின்மைகள் கூடும்போது கூட்டுத்தொகை தானாகவே அந்த வடிவத்தை நெருங்கும். எல்லாம் ஒட்டி நடந்தால் அப்படி நெருங்காது. ஒரு ஆண்டின் வரவு எந்த வடிவமோ, மொத்தமும் அதே வடிவம்தான்.

ஒரு கொடூரமான எடுத்துக்காட்டில் சோதிப்போம். ஒவ்வோர் ஆண்டும் வரவு 500 அல்லது 340, இரண்டுக்கும் சம வாய்ப்பு, நடுவே எதுவும் கிடையாது. சராசரி 420, விலக்கம் 80. நம்முடைய எண்களேதான். ஆனால் மணி வடிவத்தின் சாயல்கூட இல்லை. ஆண்டுகள் சம்பந்தமில்லாதவை என்றால் எட்டு விதமான முடிவுகள் உண்டு. மூன்று ஆண்டும் 340 வந்தால் மட்டும்தான் நஷ்டம், ஒரே ஒரு நல்ல ஆண்டு இருந்தாலும் தப்பித்துவிடுவோம். ஆக நஷ்டத்தின் நிகழ்தகவு எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். மணி வளைவு சொன்னது 12.7. இவ்வளவு நெருங்கியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது, என்றாலும் மூன்றே ஆண்டுகளின் கூட்டல் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விடுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அதே வரவு மூன்று ஆண்டும் ஒட்டி நடந்தால்? மூன்றும் 500 அல்லது மூன்றும் 340. ஒன்று 362 லாபம், இல்லையென்றால் 74 நஷ்டம். நஷ்டத்தின் நிகழ்தகவு 50 சதவீதம். சராசரி 144, விலக்கம் 218 என்று கொடுத்துவிட்டு அட்டவணையைப் பார்க்கச் சொன்னால், அது 25 என்றுதான் சொல்லும்.